160 செ.மீ. உயரத்துக்கு ஒரு பேட்: நீளம், எடை, கைப்பிடி, கடைசியில் தரம்

வளரும் பிள்ளைக்கு லெதர் பந்து பேட் வாங்கக் கடைக்குப் போனால் பேச்சு தரத்தில்தான் தொடங்கும். "கிரேடு ஒன் சார், பத்து கிரெயின் இருக்கு, எண்ணிப் பாருங்க" என்று பேட்டைத் திருப்பிக் காட்டுவார்கள். வெள்ளை வெளேரென்ற முகமும் நேர்கோடு பிடித்த ரேகைகளும் கண்ணைப் பறிக்கும். எடையைப் பற்றிய பேச்சு அதன் பிறகுதான் வரும். கைப்பிடியைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே வராது. இங்கே வரிசையை மாற்றிக்கொள்கிறோம். முதலில் நீளம், அடுத்து கையில் உணரும் எடை, அடுத்து கைப்பிடி, கடைசியில்தான் வில்லோ மரத்தின் தரம். வளரும் வயதில் இந்த வரிசையில் பார்த்தால்தான் காசும் மிஞ்சும், ஆட்டமும் கெடாது.

எடுத்துக்கொண்ட ஆள்: வயது 14, உயரம் 160 செ.மீ., வலது கை ஆட்டக்காரன், முதல் மூன்று இடங்களில் இறங்குபவன். பள்ளி அணிக்கு மேட்டிங் விக்கெட்டில் லெதர் பந்து ஆடுகிறான். வாரத்தில் மூன்று நாள் நெட் உண்டு. இதுவரை கையில் இருந்தது 6ம் நம்பர் காஷ்மீர் வில்லோ. இப்போது இங்கிலீஷ் வில்லோவுக்கு மாற வேண்டும். இந்த ஒரு ஆளுக்கான அளவெடுப்பும் கணக்கும்தான் கீழே வருகிறது. உயரம் வேறாக இருந்தால் எண்கள் மாறும், முறை மாறாது.

நீளம்

கடைகளில் 6ம் நம்பருக்கு மேலே ஹாரோ, அதற்கு மேலே ஷார்ட் ஹேண்டில் இருக்கும். பெரியவர்கள் ஆடும் வழக்கமான முழு அளவைத்தான் ஷார்ட் ஹேண்டில் என்கிறார்கள். பெயரில் ஷார்ட் இருப்பதைப் பார்த்து அதைச் சின்னப் பையன்களுக்கான பேட் என்று நினைத்து வாங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சுமாராகச் சொன்னால் 150 செ.மீ. முதல் 157 வரை 6ம் நம்பர், 157 முதல் 166 வரை ஹாரோ, அதற்கு மேல் ஷார்ட் ஹேண்டில். நீளத்தில் அடுத்தடுத்த அளவுகளுக்கு நடுவே ஓர் அங்குலம்கூட வித்தியாசம் இராது. அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி கால் அங்குலம், அரை அங்குலம் மாறும். அதனால் ஸ்டிக்கரில் உள்ள பெயரை நம்பாமல் பையனை நிறுத்திப் பார்த்துவிட வேண்டும்.

ஆடும்போது போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு நேராக நிற்கட்டும். பேட்டின் அடிநுனியை, அதாவது டோவை, ஷூவை ஒட்டித் தரையில் ஊன்றுங்கள். கைப்பிடியின் உச்சி தொடை இடுப்போடு சேரும் இடத்தில் வந்து நின்றால் நீளம் சரி. அடுத்து பேடு கட்டி, கிளவுஸ் போட்டு, ஸ்டான்ஸில் நிற்கச் சொல்லுங்கள். முன்காலை வைத்து நேராக டிரைவ் ஆடுவதுபோல் பத்து முறை ஆடட்டும். பேட் நீளமாக இருந்தால் கைப்பிடியின் முனை வயிற்றிலோ முன்கால் பேடின் மேல்விளிம்பிலோ இடிக்கும். இடிப்பதைத் தவிர்க்க அவனே முழங்கையை வெளியே தள்ளுவான், பேட் குறுக்கே வரும். குட்டையாக இருந்தால் தலை ஆஃப் பக்கம் சாயும், முதுகு வளையும். இரண்டையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். 160 செ.மீ. பையனுக்கு ஹாரோ சரியாக வந்தது.

"இன்னும் வளருவான், ஷார்ட் ஹேண்டிலே வாங்கிடலாமே" என்ற யோசனை எல்லா வீட்டிலும் வரும். கூடவே டெண்டுல்கரின் பெயரும் வரும். அண்ணனின் பெரிய பேட்டோடு ஆடத் தொடங்கியதால்தான் கைகளைக் கைப்பிடியின் அடிப்பக்கம் பிடிக்கும் பழக்கம் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதையே திருப்பிப் பார்த்தால் இங்கே விஷயம் இருக்கிறது. பெரிய பேட் சின்னக் கையைக் கீழே இறக்கிவிடுகிறது. அவருக்கு அது கைகொடுத்தது. மற்றப் பிள்ளைகளிடம் அடிக்கை ஓங்கி, நேராக அடிக்க வேண்டிய பந்தெல்லாம் மிட்விக்கெட் பக்கம் இழுபடுவதைத்தான் பயிற்சியாளர்கள் பார்க்கிறார்கள். 14 வயதுப் பையன் ஒரே வருடத்தில் 5, 6 செ.மீ. வளர்ந்துவிடலாம். ஹாரோ அவனுக்கு ஒன்று அல்லது இரண்டு சீசன்தான் உழைக்கும். பெண் பிள்ளைகளுக்கு 14, 15 வயதில் உயரம் பெரும்பாலும் நின்றுவிடுவதால் கணக்கு வேறு. 160 செ.மீ. உள்ள 15 வயதுப் பெண்ணுக்கு வாங்கும் ஹாரோ பல வருடம் ஓடும், அவளுக்குத் தரத்தில் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தாலும் வீணில்லை.

எடையும் பிக்-அப்பும்

தராசு காட்டும் எடை ஒன்று, கை உணரும் எடை வேறொன்று. கை உணருவதைத்தான் பிக்-அப் என்கிறார்கள். 1,100 கிராம் பேட் ஒன்று இறகாக எழும்பும், 1,070 கிராம் பேட் இன்னொன்று மண்வெட்டிபோல் இழுக்கும். காரணம், மரத்தின் கனம் எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான். கனம் டோ பக்கம் இறங்கியிருந்தால் கைக்குத் தூரமாகிவிடுகிறது, தூரமாக ஆக பாரம் கூடித் தெரிகிறது. கடைக்காரர் கையில் கொடுத்து "எப்படி இருக்கு?" என்றால் எந்தப் பையனும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வான். அதனால் அளந்துவிடுவது மேல். வேண்டியது கிராம் காட்டும் ஒரு சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு டேப், ஒரு மர ஸ்கேல்.

ஸ்டிக்கரில் எழுதிய எடையை விட்டுவிட்டு பேட்டைத் தராசில் வையுங்கள். வில்லோ ஈரத்தை இழுக்கும் மரம். மீரட்டிலோ ஜலந்தரிலோ வறண்ட காற்றில் நிறுத்த பேட், சென்னைக் கடையில் ஒரு மழைக்காலம் தொங்கினால் எடை மாறியிருக்கும். கிரிப் போடுவதற்கு முன் நிறுத்த எடையாகவும் இருக்கலாம். அடுத்து ஸ்கேலை அதன் விளிம்பில் நிமிர்த்திப் பிடித்து, பேட்டைக் குறுக்கே கிடத்துங்கள். எந்த இடத்தில் இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கிறதோ அதுதான் சமநிலைப் புள்ளி. கைப்பிடி உச்சியிலிருந்து அந்தப் புள்ளி வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். மேல்கை பிடிக்கும் இடம் உச்சியிலிருந்து சுமார் 10 செ.மீ. ஆகவே அளந்த தூரத்தில் 10ஐக் கழித்து, மீதியை எடையால் பெருக்குங்கள். வரும் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் தேட வேண்டாம். ஒரு பேட்டை இன்னொன்றோடு ஒப்பிடத்தான் அது. இது பேட்டை அசையாமல் தாங்கும் பாரம். வீசும்போது தூரத்தின் பங்கு இன்னும் கூடும், ஆகவே வித்தியாசம் இந்த எண் காட்டுவதைவிடச் சற்று அதிகமாகத்தான் உணரப்படும்.

மேசையில் மூன்று பேட் வைத்துப் பார்த்தோம். முதலாவது ஷார்ட் ஹேண்டில், முதல் தரம், பத்து ரேகை, 1,175 கிராம், சமநிலைப் புள்ளி 51 செ.மீ. இரண்டாவது ஹாரோ, இரண்டாம் தரம், ஏழு ரேகை, 1,075 கிராம், புள்ளி 51.5 செ.மீ. மூன்றாவதும் ஹாரோ, மூன்றாம் தரம், ஐந்து ரேகை, ஒரு ஓரத்தில் செம்பழுப்பு நிறம், 1,090 கிராம், புள்ளி 49.5 செ.மீ.

கணக்குப் போட்டால் முதலாவதற்கு 1,175 × 41 = 48,175. இரண்டாவதற்கு 1,075 × 41.5 = 44,612. மூன்றாவதற்கு 1,090 × 39.5 = 43,055. தராசில் இரண்டாவது 15 கிராம் குறைவு. கையில் மூன்றாவதுதான் இலகு, மூன்றரை சதவீதம் குறைவாகவே பாரம் காட்டுகிறது. முதலாவதோ மூன்றாவதைவிடக் கிட்டத்தட்ட 12 சதவீதம் கூடுதல். அந்த 12 சதவீதத்தைத்தான் பிள்ளை இருபதாவது ஓவரில் தோளில் உணருவான்.

எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், உடம்பும் சாட்சி சொல்லட்டும். மேல்கை மட்டும் கைப்பிடியில். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். அந்த ஒரு கையாலேயே நேர் பேட்டில் பத்து டிரைவ். வலது கை ஆட்டக்காரனுக்கு மேல்கை இடது கை, அதாவது பலம் குறைந்த கை, என்பதால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. ஏழெட்டாவது முறையில் டோ தொங்கத் தொடங்கினாலோ, பேட் கல்லிப் பக்கமிருந்து வளைந்து வந்தாலோ, மணிக்கட்டு உள்ளே மடங்கினாலோ பேட் கனம். பிறகு இரண்டு கையாலும் புல் ஷாட் ஆடிக் காட்டச் சொல்லுங்கள். சுற்றி முடித்ததும் அவனால் பேட்டை நிறுத்த முடிகிறதா, பேட் அவனை இழுத்துக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். முதல் பேட் அவனை இழுத்துக்கொண்டு போனது.

பொதுவாக ஹாரோவில் 1,020 முதல் 1,130 கிராம் வரை கடைகளில் கிடைக்கும். இந்தப் பையனுக்கு எல்லாம் போட்டு முடித்த பிறகு 1,110 கிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தோம். "எல்லாம் போட்டு முடித்த பிறகு" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீட்டுக்கு வந்த பிறகுதான் பேட் கனம் கூடுகிறது. முகத்தில் ஒட்டும் பாதுகாப்பு ஷீட் சுமார் 20 கிராம், டோ கார்டு 12 கிராம். கேட்கச் சின்ன எண்கள்தான். ஆனால் டோ கார்டு உட்காருவது உச்சியிலிருந்து 84 செ.மீ. தூரத்தில், நம் கணக்கில் அது 12 × 74 = 888. ஷீட்டின் நடுப்பகுதி 60 செ.மீ. தூரத்தில் என்று வைத்தால் 20 × 50 = 1,000. இரண்டும் சேர்ந்து பாரத்தை நாலு சதவீதத்துக்கும் மேல் ஏற்றிவிடுகின்றன. அதனால் கடையிலேயே பேட் வரம்புக்கு 30, 35 கிராம் கீழே இருக்க வேண்டும். டோவில் ஏறும் ஒவ்வொரு கிராமும் கைப்பிடியில் ஏறுவதைவிடப் பல மடங்கு கனக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கிரிப் மாற்றும்போது இதுவே உதவிக்கு வரும்.

மரம் எங்கே பருத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பின்பக்கத்து மேட்டின் உச்சி டோவிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, பந்து நன்றாகப் போகும் இடமும் ஏறத்தாழ அங்கேதான். பந்து எழும்பாத மண் பிட்ச்சுகளில் அது தாழ்வாக இருப்பது வசதி. மேட்டிங்கில் பந்து நன்றாக எழும்பும், அடிபடுவது பேட்டின் நடுப்பகுதியில். இரண்டாவது பேட்டின் சமநிலைப் புள்ளி கீழே இறங்கியதற்கு அதன் தாழ்ந்த மேடுதான் காரணம். இந்தப் பையன் ஆடும் களத்துக்கு அது இரண்டு வகையிலும் பொருந்தவில்லை.

கைப்பிடி

கைப்பிடி பிரம்பால் ஆனது. பிரம்புத் துண்டுகளை ஒட்டி, நடுவே ரப்பர் அல்லது கார்க் பட்டைகள் வைத்து, உருளையாகக் கடைந்து, கீழ்முனையை V வடிவத்தில் சீவி, வில்லோவுக்குள் இறக்கி ஒட்டுகிறார்கள். ரப்பரும் கார்க்கும் பந்து மோதும் அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான். மேலே நூல் சுற்றி, அதன் மேல் ரப்பர் கிரிப். உடைவது பெரும்பாலும் இந்த V சேரும் இடத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே.

கடையில் கிரிப்பின் அடிவிளிம்பை இரண்டு அங்குலம் மேலே சுருட்டிவிட்டு அந்த V இணைப்பைப் பாருங்கள். கடைக்காரர்கள் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். பசைக்கோடு மயிரிழைபோல் ஒரே சீராக இருக்க வேண்டும். எங்காவது கறுத்த இடைவெளி தெரிந்தால், நகம் உள்ளே இறங்கினால், அந்த பேட் வேண்டாம். பிறகு டோவைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் பிளேடின் தோளையும் மறு கையால் கைப்பிடி உச்சியையும் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் நெகிழ வேண்டும். "கிறீச்" என்று சத்தம் வந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. கடைசியாக, கைப்பிடி உச்சியைக் கண்ணருகே வைத்து பேட்டின் நீளத்தை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். கைப்பிடி பிளேடின் மையக்கோட்டிலிருந்து இடமோ வலமோ விலகியிருந்தால் முகம் எப்போதும் சற்றே திறந்தோ மூடியோ வரும், அதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

வடிவத்தில் இரண்டு வகை உண்டு, உருண்டை, ஓவல். ஓவல் கையில் திரும்பாமல் உட்காரும், முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்காமலே கை சொல்லிவிடும். நேராக ஆடப் பழகும் வயதில் அது நல்லது. உருண்டை, அடிக்கையைச் சுழற்றி ஆடுகிறவர்களுக்குச் சுலபம். இரண்டில் எது பழகியதோ அதில் நிற்கலாம். தடிமனில்தான் பிள்ளைகளுக்கு அடிக்கடி தப்பு நடக்கிறது. கைப்பிடி கைக்கு மீறித் தடித்தால் விரல் முழுதும் சுற்றாது. நழுவாமல் இருக்க முன்கையே இறுகும், இறுகிய கையில் மணிக்கட்டு விளையாடாது. பார்க்கும் முறை இது. கிளவுஸ் இல்லாமல் மேல்கையால் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்கட்டும். நடுவிரல் நுனி கட்டைவிரலின் அடிமேட்டை அநேகமாகத் தொட வேண்டும். ஒரு விரற்கடைக்கு மேல் இடைவெளி இருந்தால் தடிமன் அதிகம். நுனி உள்ளங்கையில் புதைந்தால் மெல்லியது. அப்போது அவன் இறுக்கிப் பிடிப்பான், உள்ளங்கை கன்றிப்போகும்.

மூன்றாவது பேட்டில் தடிமன் அதிகமாக இருந்தது. நூலால் சுற்றி அளந்தபோது சுற்றளவு 11.6 செ.மீ. கிரிப்பைச் சுருட்டிப் பார்த்தால் உள்ளே பிரம்பு அளவானதுதான், கனத்த கிரிப் போட்டிருந்தார்கள். பிரம்பே தடித்திருந்தால் பேட்டை விட்டுவிட வேண்டியதுதான். சீவித் தர ஆள் உண்டு, ஆனால் நூலை அவிழ்த்துப் பிரம்பைச் சீவினால் கைப்பிடி பலவீனமாகும். கிரிப்தான் காரணம் என்றால் பத்து நிமிட வேலை. பழைய கிரிப் 58 கிராம், மெல்லிய கிரிப் 42 கிராம். மாற்றியதும் சுற்றளவு 11 செ.மீ. ஆயிற்று, விரல் சரியாகச் சேர்ந்தது. 16 கிராம் குறைந்தும் பாரக் கணக்கில் மாறியது 80 மட்டுமே, ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. கிரிப் கைக்கு அருகிலேயே இருப்பதால் அதன் எடை வீச்சில் தெரியாது. ஆகவே எடையைக் குறைக்கிறேன் என்று கிரிப்பைக் கழற்றுவதில் பயனில்லை, தடிமனுக்காக மட்டும் மாற்றுங்கள்.

கிரிப் ஏற்ற மரக் கோன் ஒன்று வேண்டும், கடையிலேயே ஏற்றித் தருவார்கள். வீட்டில் செய்வதாக இருந்தால் கோனின் மேல் டால்கம் பவுடர் தூவி, கிரிப்பை அடிவரை சுருட்டி இறக்கி, கோனைக் கைப்பிடி உச்சியில் வைத்து ஒரே மூச்சில் தள்ள வேண்டும். பாதியில் நின்றால் சுருக்கம் விழும். கிரிப்பின் அடிவிளிம்பு பிளேடின் தோளை மூடும்படி வராமல், நூல் முடியும் இடத்தை மட்டும் மூடட்டும். அப்போதுதான் V இணைப்பில் விரிசல் விழுந்தால் கண்ணில் படும்.

தரம்

இப்போதுதான் ரேகைகளுக்கு வருகிறோம். முதல் தரம், இரண்டாம் தரம் என்பதற்கு உலகப் பொது அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் கண்ணுக்குத் தெரிந்தபடி பிரிக்கிறார். ஒருவரின் இரண்டாம் தரம் இன்னொருவரின் முதல் தரமாக இருக்கலாம். பிரிப்பதும் பெரும்பாலும் தோற்றத்தை வைத்துத்தான். ரேகை நேராக இருக்கிறதா, ஒரே இடைவெளியில் இருக்கிறதா, செம்பழுப்பு எவ்வளவு, புள்ளி, கறை உண்டா என்பதுதான் பார்வை.

ஒரு ரேகை என்றால் மரத்தின் ஒரு வருட வளர்ச்சி. பிளேடின் அகலம் அதிகபட்சம் 4¼ அங்குலம். அதற்குள் பத்து ரேகை என்றால் மரம் மெதுவாக வளர்ந்திருக்கிறது, ஐந்து என்றால் வேகமாக. நெருக்கமான ரேகை உள்ள பேட் சீக்கிரமே பந்தை நன்றாக விரட்டத் தொடங்கும், ஆனால் சீக்கிரமே தேய்ந்து உதிரவும் செய்யும். அகலமான ரேகை பழக நாளாகும், உழைப்பு அதிகம். வாரத்தில் மூன்று நாள் நெட்டில் அடிவாங்கப் போகும் பேட்டுக்கு ஐந்து ரேகை குறை அல்ல.

ஓரத்துச் செம்பழுப்பு மரத்தின் மையப்பகுதி, வெள்ளை வெளிப்பகுதி. நிறம் ஆட்டத்தைத் தொடாது. வண்ணத்துப்பூச்சிபோல் இரண்டு சிறகு விரித்த பழுப்புக் கறை சில பேட்டுகளில் இருக்கும். அந்தக் கறைக்காகவே விலை குறைப்பார்கள், ஆனால் அப்படிப்பட்ட மரம் உறுதியானது என்று பேட் செய்கிறவர்களே சொல்வார்கள். அந்தச் சலுகையைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம்.

நிறத்தைவிட ரேகையின் ஓட்டத்துக்குத்தான் கண் வேண்டும். முகத்தில் ஒரு ரேகையைத் தோளில் பிடித்து விரலால் கீழே ஓட்டுங்கள். டோ வரை போய்ச் சேர வேண்டும். பாதியில் சரிந்து ஓரத்தில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் விளிம்பு பிளக்கும். பேட்டைப் பக்கவாட்டில் திருப்பி விளிம்பையும் பாருங்கள். அங்கே தெரியும் நார் முகத்துக்கு இணையாக ஓட வேண்டும். சாய்ந்து முகத்தில் வந்து முடிந்தால், அடி விழ விழ அந்த இடம் சில்லு சில்லாக உரியும். சிறு கணு பின்பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. அதே கணு முகத்தில் பந்து படும் இடத்திலோ விளிம்பிலோ இருந்தால் வேண்டாம். மூன்றாம் தரத்திலும் நேரான ஓட்டம் உள்ள பேட் கிடைக்கும், முதல் தரத்திலும் சரிவு உள்ளது மாட்டும்.

மலிவு விலை இங்கிலீஷ் வில்லோவில் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, ரேகையே தெரியாமல் இருந்தால் வெளிறச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். முகம் முழுக்க ஷீட் ஒட்டி வருவதிலும் இதே சிக்கல், மரத்தைப் பார்க்க முடியாது. ஷீட் ஒட்டாததைக் கேட்டு வாங்கி வீட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

காஷ்மீர் வில்லோவை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. அனந்த்நாக் மாவட்டத்தில் சங்கம், ஹல்முல்லா பக்கம் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் அந்த மரத்தில்தான் பேட் செய்கிறார்கள். அது இறுக்கமான மரம், அதே அளவில் கொஞ்சம் கனம் கூடும், பந்தின் வேகம் சற்றுக் குறையும். 12, 13 வயதில் லெதர் பந்து தொடங்குகிறவனுக்கு எடை சரியான காஷ்மீர் போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பின்பக்கம் குடைந்து, விளிம்பு தடித்த டென்னிஸ் பந்து பேட்டைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். லெதர் பந்தின் முதல் யார்க்கரில் அது பிளந்துவிடும்.

மூன்று பேட்டுகளையும் ஒரு பழைய பந்தால் தட்டிப் பார்த்தோம். பந்தைக் கையில் பிடித்து, மேட்டுக்கு நேர் எதிரே முகத்தில் மெல்லத் தட்டினால் கணீரென்று தெறிக்க வேண்டும். "தொப்" என்ற மந்தமான ஒலி வந்தால் அழுத்தம் சரியாகக் கொடுக்கவில்லை, அல்லது மரத்தில் ஈரம் இருக்கிறது. தொழிற்சாலையில் உருளைக்கு அடியில் கொடுக்கும் அந்த அழுத்தம்தான் பந்து பாய்வதைப் பெரிதும் தீர்மானிக்கிறது, அது தரப் பட்டியலில் வருவதில்லை. மூன்றாவது பேட் இரண்டாவதைவிடத் தெளிவாக ஒலித்தது. அதையே எடுத்தோம். முதல் தர பேட்டின் விலையில் இப்படி இரண்டு வாங்கலாம். மிஞ்சிய அந்தக் காசு, அவன் 167 செ.மீ. தொடும் நாளில் ஷார்ட் ஹேண்டிலுக்கு இருக்கிறது.

மைதானத்துக்கு முன்

கடையில் "நாக்கிங் முடிந்தது", அதாவது அடித்துப் பழக்கியாயிற்று, என்பார்கள். மெஷினில் கொஞ்சம் அடித்திருப்பார்கள், அது போதாது. முதலில் எண்ணெய். சுத்திகரிக்காத ஆளிவிதை எண்ணெய் ஒரு தேக்கரண்டி. பெயிண்ட் கடையில் கிடைக்கும் "பாயில்டு" வகை மேலே படலமாகக் காய்ந்து உள்ளே இறங்காது, அது வேண்டாம். பழைய துணியால் முகம், விளிம்பு, டோவில் மெல்லிசாகத் தடவுங்கள். ஸ்டிக்கர், V இணைப்பு, கைப்பிடி பக்கம் போகக் கூடாது, எண்ணெய் பட்டால் ஒட்டு இளகும். பேட்டைப் படுக்க வைத்து ஒரு இரவு. மறுநாள் துடைத்துவிட்டு இன்னொரு முறை, அவ்வளவுதான். எண்ணெய் அதிகமானால் கனமும் கூடும், ஒலியும் செத்துவிடும்.

பிறகு மரச் சுத்தியால் ஒரு நாளைக்கு அரைமணி, மொத்தம் ஐந்தாறு மணி நேரம். முதல் ஒரு மணி தட்டுவதுபோல் மட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டலாம். விளிம்பை நேராக அடிக்கக் கூடாது. முகமும் விளிம்பும் சேரும் மூலையில் 45 பாகை சாய்த்துத் தட்டி, கூர்மையை உருட்டிவிட வேண்டும். புதிய பேட்டுகள் அதிகம் பிளப்பது அங்கேதான். டோவின் அடிப்பகுதியில் சுத்தி படவே வேண்டாம். முடிந்ததா என்று தெரிந்துகொள்ள பழைய லெதர் பந்தால் முகத்தில் சற்று ஓங்கித் தட்டுங்கள். தையல் தடம் பதிந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. இது முடிந்த பிறகுதான் ஷீட்டும் டோ கார்டும். ஷீட் ஒட்டிய பிறகு முகத்தில் எண்ணெய் இறங்காது. நெட்டிலும் முதல் இரண்டு வாரம் பழைய பந்துதான்.

எல்லாம் முடிந்து தராசில் வைத்தபோது 1,090இல் கிரிப் மாற்றியதில் 16 குறைந்து, டோ கார்டு 12, ஷீட் 20 ஏறி 1,106 கிராம். எண்ணெயின் ஒன்றிரண்டு கிராம் சேர்ந்தாலும் வரம்புக்குள்தான். பாரக் கணக்கு 44,863.

முகத்தில் மயிரிழை விரிசல்கள் ஒரு மாதத்தில் வரும், அவற்றால் கெடுதல் இல்லை. விளிம்பில் விரிசல் ஒரு அங்குலத்தைத் தாண்டினால் மரப்பசை விட்டு, இறுக்கிக் கட்டி, ஒரு நாள் காயவிட்டு, நார் டேப் சுற்றுங்கள். டோவில் செங்குத்தாகப் பிளவு கண்டால் அன்றே நிறுத்திப் பேட் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு மேட்ச் ஆடினால் பிளவு மேலே ஏறிவிடும். மழைநாளில் ஈர மேட்டிங்கில் டோவை ஊன்றி நிற்கும் பழக்கம் இருந்தால் டோ ஊதி உப்பும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, நிழலில், டோ தரையில் படாமல் படுக்க வைக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஷூவோடு நிறுத்தி, தொடையருகே பேட்டை வைத்துப் பாருங்கள். கைப்பிடி உச்சி இடுப்பு மடிப்புக்கு இரண்டு விரற்கடை கீழே இறங்கிவிட்டால் ஹாரோவின் காலம் முடிந்தது.